இட்லி மாவும் டல்கோனா காபியும்

2020 ஊரடங்கு தொடங்கிய நாட்களில் டல்கோனா காபி போடாத சமையல் சேனல்கள் குறைவு. கூகுள் ட்ரெண்ட்ஸில் அந்தப் பெயரைத் தட்டி, 2020 முதல் இன்றுவரை விரித்துப் பாருங்கள். ஒரே ஒரு உச்சி தெரியும். பிறகு கோடு தரையோடு படுத்துவிடும். இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்ற சந்தேகமோ என்றைக்கும் யாருக்காவது இருந்துகொண்டே இருக்கிறது.

தனியாளாக யூட்யூப் சேனல் நடத்தும் ஒரு பெண்ணுக்கு மாதம் 40 மணி நேரம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ட்ரெண்டிங் வீடியோ நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லி மாவு வீடியோவுக்குப் பத்து மணி நேரமாவது ஆகும். அரிசி, உளுந்து அளவு, அரைக்கும் பதம், குளிர்காலத்தில் புளிக்கும் நேரம் என்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். யூட்யூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக அதே லிங்க்கில் புது வீடியோவை ஏற்ற முடியாது. தலைப்பு, விளக்கக் குறிப்பு போன்றவற்றைத் திருத்தலாம், சில பகுதிகளை வெட்டலாம், அவ்வளவுதான். அளவு தப்பினால் பல வருடங்களுக்குத் தப்பாகவே ஓடும்.

ட்ரெண்டிங் வீடியோ ஒன்று பத்தே நாளில் 40,000 வியூஸ் தொட்டால் ஆசை வரும். ஆனால் ஐந்து போட்டால் ஒன்றுதான் ஓடுகிறது, மற்ற நான்கும் தலா 500-இல் நின்றுவிடுகின்றன என்றால், 20 மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 42,000. அதே 20 மணி நேரத்தில் இட்லி மாவு போன்ற இரண்டு வீடியோக்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் நாளுக்கு 60 பேர் பார்த்தால் வருடத்தில் 43,800. அடுத்த வருடம் எந்த உழைப்பும் இல்லாமல் ஏறக்குறைய அதே அளவு. ஓடாத வீடியோக்களின் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் ட்ரெண்டின் பின்னாலேயே ஓடிக் களைக்கிறார்கள்.

பலர் மறந்துவிடும் மூன்றாவது வகையும் உண்டு: தீபாவளி முறுக்கு, கார்த்திகைப் பொரி உருண்டை. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் விழித்தாலும் ஒவ்வொரு வருடமும் விழிக்கும். பண்டிகைக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். முதல் நாள் போட்டால் அந்த வருடம் போனதுதான்.

ஆகவே அந்த 40 மணி நேரத்தில் 20-ஐ நிலைத்து நிற்கும் இரண்டு வீடியோக்களுக்கும், 12-ஐப் பண்டிகைக்கும், மீதி எட்டை இரண்டு ட்ரெண்டிங் வீடியோக்களுக்கும் ஒதுக்கச் சொல்வேன். ட்ரெண்டை அடியோடு விட்டால் புது ஆட்கள் வருவது குறையும். ஆனால் இரண்டு நாளுக்குள் எடுத்துப் போட முடியாததைத் தொடவே வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து யூட்யூப் ஸ்டுடியோவைத் திறந்து, பார்வையாளர்கள் எந்த வழியில் வருகிறார்கள் என்று பாருங்கள். தேடி வருகிறவர்களின் பங்கு ஏறியிருந்தால் அந்த வீடியோ வேர் பிடித்துவிட்டது. முகப்புப் பக்கப் பரிந்துரை நின்றதும் வியூஸும் நின்றிருந்தால், ‘எவர்கிரீன்’ என்று நாம் நினைத்த அந்தத் தலைப்பை யாரும் தேடவே இல்லை. அடுத்த மாதத்தின் பத்து மணி நேரத்தை வேறு தலைப்புக்கு மாற்றிவிடலாம்.