அடுத்த வாய்தா எழுதாமல் வரியை அடிக்காதே

வழக்கறிஞர் அலுவலகங்களில் குமாஸ்தா ஒரு டைரி வைத்திருப்பார். அதில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி இருக்கும். முந்தைய வாய்தா என்று, இன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்று என்பதெல்லாம் அந்த ஒரே வரிக்குள் அடங்கும். மாலையில் நீதிமன்றத்திலிருந்து திரும்பியதும் அடுத்த வாய்தாவை உரிய பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் இன்றைய வரியை அடிப்பார். எழுதாமல் அடித்துவிட்டால் அந்த வழக்கு யார் கண்ணிலும் படாமல் போய்விடும். கட்சிக்காரருக்கு அது தெரியவரும்போது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருக்கும்.

சிறுதொழில் செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பதிவேட்டு முறை வேறு கிடையாது. ஆனால் பெரும்பாலான பட்டறைகளிலும் கடைகளிலும் தேதிகள் முதலாளியின் நினைவிலும் ஆடிட்டரின் பொறுப்பிலுமே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஈரோட்டில் பன்னிரண்டு பேர் வேலைபார்க்கும் ஒரு மசாலாப்பொடி நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை ஷெட், சொந்தப் பிராண்டு, இரண்டு மின்னணுத் தராசுகள், கடனுக்குச் சரக்கு எடுக்கும் நாலைந்து மொத்த வியாபாரிகள். வாடகை ஒப்பந்தம் பீரோவில் இருக்கிறது. டிரேட்மார்க் சான்றிதழ் ஆடிட்டர் அலுவலகத்தில். தராசுச் சான்று சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. “எந்தக் காகிதம் எப்போது முடிகிறது?” என்று கேட்டால் முதலாளி ஓரளவு சரியாகவே சொல்லிவிடுவார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அவர் மனதில் இருப்பது முடியும் நாள். காரியத்தைச் செய்ய வேண்டிய கடைசி நாளோ அதற்கு வெகு முன்னாலேயே கடந்து போயிருக்கும்.

ஷெட் வாடகையையே எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 2024 ஜூலை 1 முதல் மூன்று ஆண்டுகளுக்கு. 2027 ஜூன் 30 அன்று முடிகிறது. நான்காம் பக்கத்தில் ஒரு ஷரத்து: வாடகைதாரர் மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க விரும்பினால், காலம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதாவது மார்ச் 30-க்குள் கடிதம் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். ஏப்ரல் 5 அன்று கொடுத்தால், “ஆறு நாள்தானே” என்று முதலாளிக்குத் தோன்றலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கால்டெக்ஸ் நிறுவனம் குத்தகைக்கு எடுத்திருந்த ஓர் இடம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களின் இறுதியிலேயே இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. புதுப்பித்தல் என்பது வாடகைதாரருக்குக் கொடுக்கப்பட்ட சலுகை. சலுகையைக் கேட்பவர் சொன்ன கெடுவுக்குள் கேட்டாக வேண்டும். அவ்வளவு பெரிய நிறுவனமே கெடு தாண்டியதால் அந்த உரிமையை இழந்தது.

ஆகவே பதிவேட்டில் இந்த ஒப்பந்தத்துக்கு மூன்று தேதிகள் வேண்டும். முடியும் நாள், ஜூன் 30. கெடு நாள், மார்ச் 30. தொடங்கும் நாள், ஜனவரி 2. மூன்றாவது தேதிதான் உண்மையில் வேலை செய்கிறது. ஜனவரியில் உட்கார்ந்து இதே இடத்தில் தொடர்வதா, வாடகை எவ்வளவு வரை கட்டுபடியாகும் என்று முடிவெடுத்தால், மார்ச் முதல் வாரத்தில் கடிதம் போய்விடும். உரிமையாளர் தகராறு செய்தால்கூட வேறு ஷெட் பார்க்கவும், அங்கே மும்முனை மின் இணைப்பு வாங்கவும் கால அவகாசம் மிஞ்சும். பதிவேட்டை இந்தத் தொடங்கும் நாளின் வரிசையில்தான் அடுக்க வேண்டும். முடியும் நாளின் வரிசையில் அடுக்கினால் ஷெட் ஒப்பந்தம் ஜூன் மாதப் பக்கத்தில் பத்திரமாகத் தூங்கும்.

கடிதத்தை எப்படி அனுப்புவது என்பதும் அதே வரியில் இடம்பெற வேண்டும். ஒப்பந்தத்தில் எந்த முகவரி, எந்த முறை என்று எழுதியிருக்கிறதோ அப்படியே அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் கோப்பில் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் “சார், தொடர்கிறோம்” என்று அனுப்பிவிட்டு, எழுத்து மூலம் தெரிவித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பது பிறகு வாதத்துக்கு இடம் கொடுக்கும்.

முடியும் நாளையே தவறாக எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் டிரேட்மார்க். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பத்து ஆண்டுகள் சான்றிதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடுவதில்லை. விண்ணப்பித்த நாளிலிருந்தே ஓடுகின்றன. நமது மசாலா நிறுவனம் 2016 ஆகஸ்டில் விண்ணப்பித்து 2018-இல் சான்றிதழ் பெற்றிருந்தால், முதலாளி 2028 என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் 2026 ஆகஸ்டில் முடிகிறது. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தவறவிட்டால் ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். அதையும் விட்டால், முடிந்த நாளிலிருந்து ஓராண்டு ஆவதற்குள் மீட்டெடுக்கக் கேட்கலாம். அதற்குப் பிறகு பழைய பதிவு இல்லை. புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியில் ஒரு வகைப் பொருளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 9,000 ரூபாய். பத்தாண்டு உழைத்துப் பெயரெடுத்த பிராண்டுக்கு அது பெரிய தொகை அல்ல. அதனால் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் “எந்த நாளிலிருந்து எண்ணியது” என்று ஒரு கட்டம் இருப்பது நல்லது.

தராசுக்குக் கணக்கு எளிது. மின்னணுத் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை எடையளவு ஆய்வாளரிடம் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். நடுவில் பழுதுபார்த்தால் முத்திரை உடைபடும்; உடனே மறுமுத்திரை வேண்டும். ஆக, பழுதுபார்த்த ரசீதும் பதிவேட்டில் ஒரு வரியைத் திறக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த தேதிகள். வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் செலவழித்தால் எழுதிவிடலாம். இன்னொரு வகை இருக்கிறது; தொழிலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். எந்தக் காலண்டரிலும் அது இருக்காது. ஒரு காகிதம் கைக்கு வந்த நொடியில் கெடு ஓடத் தொடங்கும்.

திரும்பி வந்த செக்கைப் பாருங்கள். மொத்த வியாபாரி ஒருவர் 2026 ஜனவரி 5 தேதியிட்டு ஒரு செக் கொடுக்கிறார். செக்கின் ஆயுள் மூன்று மாதம். “கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் அண்ணே” என்கிறார். மார்ச் 10 அன்று போட்டதில், பணமில்லை என்று திரும்புகிறது. வங்கியின் மெமோ மார்ச் 12 அன்று கைக்கு வருகிறது. அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மெமோ வந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஏப்ரல் 11 கடைசி நாள். மார்ச் 20-இல் நோட்டீஸ் அனுப்பி, 24-இல் அவர் கையெழுத்திட்டு வாங்கினார் என்றால், பணம் கட்ட அவருக்கு 15 நாள். அது ஏப்ரல் 8-இல் முடிகிறது. கட்டாவிட்டால் ஏப்ரல் 9 அன்று வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதாவது மே 9-க்குள், குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் ஆக வேண்டும்.

இந்தச் சங்கிலியில் கண்ணிகளின் கடுமை ஒன்றுபோல இல்லை. புகார் தாமதமானால், தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். 30 நாள் நோட்டீஸ் தவறினால் மன்னிக்க வழியில்லை. அந்த முறை செக் திரும்பியதை வைத்துக் குற்றவழக்கு நிற்காது. செக்கின் ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி போட்டுப் பார்க்கலாம். நமது உதாரணத்தில் அந்த ஆயுள் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். பணத்துக்காக சிவில் வழக்கு போடலாம்தான், ஆனால் கடன்பட்டவருக்கு இருந்த பயம் போய்விடும். அவசரமும் உதவாது. அந்த 15 நாள் முடியும் முன்பே புகார் போட்டால் அது செல்லாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

குமாஸ்தாவின் விதி இங்கேதான் கைகொடுக்கிறது. மெமோ வந்த அன்றே ஒரு வரி: “நோட்டீஸ், கெடு ஏப்ரல் 11, தொடங்கும் நாள் மார்ச் 14.” நோட்டீஸ் போனதும் அந்த வரியை அடிப்பதற்கு முன், “ஒப்புகை வந்ததா?” என்று அடுத்த வரி. ஒப்புகை வந்ததும் ஏப்ரல் 9, மே 9 என்று இரண்டு தேதிகள். பணம் வந்து சேரும் வரை ஏதாவது ஒரு வரி திறந்தே இருக்கும். இதற்கெல்லாம் அடிப்படை, வந்த நாளை எழுதுவது. கடிதமோ மெமோவோ வந்தால் அதன் மேல் “வந்தது” என்று தேதி போட்டு, உறையையும் சேர்த்து வைக்க வேண்டும். கடிதத்தில் அச்சான தேதி ஒன்றாகவும், கைக்கு வந்த தேதி வேறாகவும் இருப்பது சாதாரணம்.

இப்போது பல நோட்டீஸ்கள் உறையிலேயே வருவதில்லை. ஜி.எஸ்.டி. துறையின் கடிதங்கள் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. Additional Notices and Orders என்ற பகுதியைத் திறந்து பார்க்காதவருக்கு அவை தெரியாது. தளத்தில் ஏற்றியது தெரியவே இல்லை என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வியாபாரிகள் ஏராளம். வரி உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரே ஒரு மாதம். இதில் கவனிக்க வேண்டியது செல்பேசி எண். பதிவு செய்தபோது ஆடிட்டர் அலுவலகத்துப் பையனின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஒவ்வொரு உரிமத்திலும் இணையக் கணக்கிலும் யாருடைய எண், யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, நிறுவனத்தின் சொந்த எண்ணுக்கு மாற்றிவிட வேண்டும்.

மாதாந்திரக் கெடுக்கள் எளிமையானவை. டி.டி.எஸ். 7, விற்பனைக் கணக்கு 11, இ.எஸ்.ஐ. 15, ஜி.எஸ்.டி. 3பி 20. ஆடிட்டர் கட்டிவிடுவார், ரசீது கைக்கு வந்த பிறகு வரியை அடித்தால் போதும். அரசு விதிக்கும் தேதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் விதிகள் உட்பட. அதனால் “கடைசியாகச் சரிபார்த்த நாள்” என்று ஒரு கட்டம் வேண்டும்.

நோட்டிலும் வைக்கலாம், கணினியிலும் வைக்கலாம். எதில் வைத்தாலும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். “ஆபீஸ் பார்த்துக்கொள்ளும்” என்று எழுதிய வரியை யாரும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் முதலாளியும் கணக்குப் பிள்ளையும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, தொடங்கும் நாள் வந்துவிட்ட வரிகளைப் படித்து, ஜி.எஸ்.டி. தளத்தையும் ஒருமுறை திறந்து பார்த்தால் அந்த வாரத்து வேலை முடிந்தது.

தொழில் நடத்துபவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வாடகை ஒப்பந்தத்தை மட்டுமாவது பீரோவிலிருந்து எடுத்துப் படித்துவிடுங்கள். “முன்” என்ற சொல் வரும் ஷரத்தைக் கண்டுபிடித்து, அந்தத் தேதியைப் பதிவேட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.