தமிழாக்கிய பக்கத்தில் பட்டன் ஏன் மக்கர் செய்கிறது?

ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு கடையின் தளத்தை க்ரோம் பிரவுசரில் தமிழாக்கிப் பார்க்கிறீர்கள். ஒரு சட்டையைத் தேர்ந்ததும் ‘கூடையில் 1 பொருள்’ என்று வருகிறது. இன்னொன்று வேண்டும் என்று கூட்டல் குறியைத் தட்டினால் அதே 1 நிற்கிறது. மறுபடி தட்டினாலும் மாறவில்லை. ஆனால் கடையின் கணக்கில் அதற்குள் மூன்று சட்டைகள் ஏறியிருக்கக்கூடும்.

மொழிபெயர்க்கும்போது பிரவுசர், பக்கத்தில் இருந்த எழுத்துத் துண்டுகளை எடுத்துவிட்டு, `<font>` என்ற உறைக்குள் தமிழ் எழுத்தைப் போட்டு அங்கே வைக்கிறது. தளத்தின் நிரலுக்கு இது தெரியாது. அது பழைய துண்டையே நினைவில் வைத்திருந்து, புதிய எண்ணை அதில்தான் எழுதுகிறது. அந்தத் துண்டோ இப்போது திரையில் இல்லை. எழுதுவதோடு நில்லாமல் அதை நீக்கவும் முயன்றால் நிலைமை மோசம்: இல்லாததை எப்படி நீக்குவது என்று பிரவுசர் `NotFoundError` காட்ட, பக்கமே வெள்ளையாகிவிடலாம். ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பில் எழுதிய தளங்களில் இது நன்கு தெரிந்த சிக்கல். 2017இலேயே நிரலர்கள் இதை முறையிட்டிருக்கிறார்கள்.

படிவங்களில் வேறு வகை ஆபத்து உண்டு. தேர்வுப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் தனிக் குறியீடு கொடுப்பதுதான் நல்ல வழக்கம். அப்படிக் கொடுக்காத தளத்தில், திரையில் தெரியும் சொல்லே சர்வருக்குப் போகும். ‘Male’ என்று எதிர்பார்க்கும் இடத்துக்கு ‘ஆண்’ போய்ச் சேர, படிவம் ‘தவறான தகவல்’ என்று திருப்பி அனுப்பும். சரியாகத்தானே நிரப்பினோம் என்று நாம் குழம்புவோம்.

அதனால் மொழிபெயர்ப்பைப் படிக்கும் வரை வைத்துக்கொண்டு, நிரப்பும் முன் நிறுத்திவிடுவதே என் யோசனை. கணினியில் முகவரிப் பட்டையின் வலது பக்கம் மொழிபெயர்ப்புச் சின்னம் தெரியும். அதைத் தட்டி, மூல மொழியைத் தேர்ந்தால் பக்கம் பழையபடி வரும். அங்கேயே மூன்று புள்ளிகளுக்குள் ‘Never translate this site’ இருக்கிறது. வங்கி, ரயில் முன்பதிவு போன்ற தளங்களுக்கு அதைப் போட்டுவிடலாம். திரும்ப வேண்டுமானால் பிரவுசரின் மெனுவில் ‘Translate’ இருக்கிறது. கைபேசியிலும் அதே மெனுதான்.

மூல மொழிக்கு மாற்றிய பின்பும் பட்டன் அசையவில்லை என்றால் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள்; குழம்பிய நிரல் அப்போதுதான் புதிதாகத் தொடங்கும். நிரப்பியவை அழிந்துபோகலாம் என்பதால் நீளமான பதில்களை முன்கூட்டியே நகலெடுத்து வையுங்கள். பணம் கட்டும் நேரத்தில் பக்கம் வெள்ளையானால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். மொழிபெயர்ப்பை நிறுத்தி, ஆர்டர் பட்டியலையும் வங்கிக் குறுஞ்செய்தியையும் பார்த்து, பணம் போகவில்லை என்று உறுதியான பிறகு கட்டுங்கள்.