யூடியூப் தடங்கல் இல்லாம ஓடுது, போட்டோ மட்டும் ஏன் டிவியில் திக்குது?

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். தங்கை கல்யாண போட்டோக்களை டிவியில் காட்ட ஸ்க்ரீன் மிரரிங் போடுகிறீர்கள். நீங்கள் ஸ்வைப் செய்து ஒரு நொடி கழித்துத்தான் படம் மாறுகிறது. "என்னடா, மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு?" என்கிறார் அம்மா. பெங்களூரு வாடகை வீட்டில் எனக்கு நடந்தது இது. நெட் பிளான் 100 எம்பிபிஎஸ், யூடியூப் அதே டிவியில் அருமையாக ஓடியது.

இங்கே நெட் வேகத்துக்கு வேலையே இல்லை. மிரரிங்கில் உங்கள் போன் தன் திரையை நொடிக்கு 30 அல்லது 60 முறை படம் பிடித்து, வீடியோவாகச் சுருக்கி, வைஃபை வழியே டிவிக்கு அனுப்புகிறது. 60 என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லி நொடி. யூடியூப் அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். வைஃபை கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. மிரரிங்கில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது, அடுத்து நீங்கள் எதைத் தொடுவீர்கள் என்று போனுக்கு எப்படித் தெரியும்? தாமதமாக வரும் ஃப்ரேமைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படியானால் அசையாத போட்டோவில் என்ன சுமை? வீடியோ சுருக்கம் பெரும்பாலும் முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டுமே அனுப்பும். படம் நிற்கும்போது அனுப்ப கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஸ்வைப் செய்தால் மொத்தத் திரையும் மாறுகிறது, டேட்டா ஒரே நேரத்தில் குவிகிறது. அதனால்தான் கட்டம் கட்டமாகத் தெரிந்து, ஓரிரு நொடியில் தெளிகிறது. உங்கள் டிவியிலும் இப்படி நடந்தால், பிரச்சினை பெரும்பாலும் வைஃபையில். மாறாக, படம் சுத்தமாக வந்து, எப்போதும் ஒரே அளவு தாமதம் இருந்தால் டிவியின் பட மெருகூட்டல் காரணமாக இருக்கலாம். 'கேம் மோட்' போட்டுப் பாருங்கள்.

என் வீட்டில் ரவுட்டர் படுக்கையறையில், டிவி ஹாலில். போன், டிவி இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தன. அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், ப்ளூடூத் எல்லாம் மோதும் இடம் அது. அதோடு ஒவ்வொரு ஃப்ரேமும் போனிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து டிவிக்கு என இரண்டு தடவை காற்றில் போனது. டிவிக்கு லேன் கேபிள் போட்டால் ஒரு பயணம் மிச்சம். 5 கிகாஹெர்ட்ஸும் நல்லதுதான், ஆனால் சுவர் தாண்டினால் சிக்னல் வலுவிழக்கும்.

கடைசியில் நான் மிரரிங்கையே விட்டுவிட்டேன். கூகுள் போட்டோஸ் ஆப்பில் உள்ள 'காஸ்ட்' பட்டனை அழுத்தினால், திரைக்குப் பதிலாகப் படம் மட்டும் டிவிக்குப் போகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம் கிடையாது. படத்துக்கு ஒரு முறைதான். முதல் படம் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது, பிறகு திக்கவில்லை. மேனேஜரின் வாட்ஸ்அப் மெசேஜ் குடும்பத்துக்கு முன்னால் டிவியில் எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஸ்லைடு என்றால், ஒவ்வொன்றையும் படமாகச் சேமித்துப் பென்டிரைவில் போட்டு டிவியில் சொருகிவிடுங்கள். அனிமேஷன் வராது, வைஃபையும் தேவைப்படாது.