உலைக்கு முன்னும் இலைக்குப் பின்னும்: கஞ்சத்தன வசைச்சொற்களும் சிக்கனப் பாராட்டும்

முன்னுரை

கஞ்சன், கருமி, கசவஞ்சி, உலோபி, பிசினாறி என ஈயாதவரைக் குறிக்கும் வசைச்சொற்கள் தமிழில் பல. பொருளைக் காக்கும் அதே செயல் ஓரில்லத்தில் ‘கட்டுசெட்டு’ எனப் போற்றப்படுகிறது, மற்றோரில்லத்தில் எள்ளப்படுகிறது. இவ்வேறுபாட்டின் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது.

வசையின் பொருட்களம்

‘எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்’ என்னும் வழக்கு இதனைத் தெளிவுறுத்தும். உண்ணும் கையை வீசினால் அதில் ஒட்டிய பருக்கை சிதறும். அதைக் காக்கை கொத்தும். அந்த இழப்புக்கும் அஞ்சுபவன் என்பதே வசையின் உட்பொருள். உண்ணுமுன் காக்கைக்குச் சோறிடும் வழக்கமுள்ள சமூகத்தில் இவ்வசை கூர்மை பெறுகிறது. முறையாக இடவேண்டியதை இடாததோடு, தற்செயலாகச் சிதறுவதையும் தடுப்பவன் என்று அது சுட்டுகிறது. பிசினாறி என்னும் சொல்லும் மக்கள் வழக்கில், ஒட்டியதை விடாத பிசினோடு இணைத்தே உணரப்படுகிறது. ஆகவே, இவ்வசைகள் சேமிப்பைச் சாடவில்லை. பிறருக்குச் சேரவேண்டியது கையைவிட்டு அகலாமையையே சாடுகின்றன.

பிடியரிசி: ஒரு சான்று

உலையிடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவது பிடியரிசி. ஒரு பிடியை ஏறத்தாழ 50 கிராம் எனக் கொண்டால், நாளுக்கு 2 முறை எடுப்பதால் 30 நாளில் 3 கிலோ சேரும். குறைந்த அளவை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். சேர்ந்தது பஞ்சகாலத்திற்கோ விருந்திற்கோ உதவுகிறது. அதே பிடிச் சோற்றை, விருந்தினர் இலையில் அமர்ந்தபின் குறைத்தால் இழப்பு அவர் ஒருவருக்கே. முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம். அளவு ஒன்றே, எவர் பங்கில் குறைக்கப்படுகிறது என்பதே சொல்லை மாற்றுகிறது. மகளிர் மறைத்துச் சேர்க்கும் சிறுவாட்டுப் பணமும், இடருற்ற வேளையில் வெளிப்படும்போது பாராட்டைப் பெறுகிறது.

வருவாயின் இயல்பு

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர் போன்ற ஊர்களில் மானாவாரி வேளாண்மையும் சிமெண்ட் ஆலை வேலையும் அருகருகே உள்ளன. மழையை நம்பி ஆண்டில் ஓரிருமுறை வருவாய் காணும் இல்லத்தில், கையிருப்பு அடுத்த விதைப்புக்கான முதல். அங்குக் கைச்செட்டு தேவையாகிறது. மாதச் சம்பளம் தவறாது வரும் இல்லத்திலோ அதே இறுக்கத்திற்கு வெளிப்படையான காரணம் புலப்படுவதில்லை. எனவே அது எள்ளலுக்கு எளிதில் இலக்காகும். எனினும் வருவாய் மட்டுமே இதனைத் தீர்மானிப்பதில்லை. மானாவாரி உழவரும் மொய்யிலோ விருந்திலோ கைசுருக்கினால் வசைக்குத் தப்புவதில்லை.

முடிவுரை

திருக்குறள் இவறன்மையைக் குற்றங்கடிதலில் குற்றமாக வைக்கிறது. வருவாய்க்கேற்ற அளவை வலியறிதலில் வலியுறுத்துகிறது. இவ்விரு நோக்கும் பேச்சுவழக்கில் இன்றும் தொடர்கின்றன. தன் உலையில் குறைப்பது செட்டு. பிறர் இலையில் குறைப்பது கஞ்சம். ஒருவரைக் கஞ்சர் என்னும் சொல், அவரது செலவைவிட, சொல்பவர் அவரிடம் எதிர்பார்த்த பங்கையே மிகுதியும் வெளிப்படுத்துகிறது எனலாம்.