காலடியில் தேங்கும் கேஸ்

2004 மே 11 அன்று நண்பகலில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நான்கு மாடி பிளாஸ்டிக் ஆலை ஒன்று வெடித்துச் சரிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஆலைக்குத் தேவையான எல்பிஜி, முற்றத்தில் இருந்த தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. 1969இல் போட்ட குழாய் அது. பின்னாளில் முற்றத்தின் மட்டத்தை உயர்த்தியபோது மண்ணுக்குள் புதைந்துபோனது. புதைந்த இடத்தில் துருவேறி ஓட்டை விழுந்தது. கசிந்த கேஸ் மேலே வந்து காற்றோடு கலைந்து போகவில்லை. மண்ணின் இடுக்குகள் வழியே ஊர்ந்து, காற்றோட்டம் இல்லாத நிலவறைக்குள் இறங்கித் தேங்கியது. அங்கே யாரோ விளக்கு சுவிட்சைப் போட்டபோது பற்றியிருக்கலாம் என்பதே விசாரணையில் தெரியவந்தது.

அந்த வாயு ஏன் கீழ்நோக்கிப் போனது? விடை அதன் எடையில் இருக்கிறது. ஒரே வெப்பநிலையும் அழுத்தமும் உள்ள எந்த வாயுவை எடுத்தாலும், ஒரே கனஅளவில் ஒரே எண்ணிக்கையில்தான் மூலக்கூறுகள் இருக்கும். 1811இல் அவகாட்ரோ முன்வைத்த கருத்து இது. ஆகவே எதன் மூலக்கூறு கனமோ அந்த வாயுவும் கனம். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. சமையல் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அவற்றின் எடை முறையே 44, 58. காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்த கேஸ் தண்ணீரைப்போல் பள்ளம் தேடிப் போகிறது. அடுப்பு மேடையிலிருந்து வழிந்து தரையில் பரவுகிறது, படி இருந்தால் இறங்குகிறது, வாசலில் உயரமான நிலைப்படி இருந்தால் அதற்குள்ளேயே நிற்கிறது.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். காற்றோடு ஒருமுறை நன்றாகக் கலந்துவிட்ட கேஸ் மறுபடி பிரிந்து அடியில் படியாது. கனமான மூலக்கூறுகள் தனித்தனியாகக் கீழே விழுவதில்லை. இன்னும் கலக்காத மேகம்தான் மொத்தமாக இறங்குகிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்த காற்று, சாதாரணக் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான் கனம். ஐந்து டிகிரி வெப்பநிலை வேறுபாடே காற்றில் அவ்வளவு எடை வித்தியாசத்தை உண்டாக்கும். ஃபேன் சுழன்றாலோ, ஆள் நடமாடினாலோ, பக்கத்தில் இன்னொரு அடுப்பு எரிந்தாலோ அந்த அடுக்கு கலைந்துவிடும். ஆகவே கேஸ் அடியில் தேங்குவது மிகத் தெளிவாக நடப்பது அசைவில்லாத இடத்தில்தான்: இரவில் ஜன்னல் சாத்திய சமையலறையில், மூடிய அலமாரியில், நிலவறையில்.

தேங்கும்போது ஆபத்து எவ்வளவு பெருகுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரம் கொண்ட சமையலறை. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 22,600 லிட்டர். காற்றில் சுமார் 2 சதவீதம் கேஸ் சேர்ந்தால் பற்றும் நிலை வந்துவிடும். அறை முழுவதும் சீராகக் கலந்தால் அதற்கு 450 லிட்டர் வாயு, அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எல்பிஜி வேண்டும். அதே கேஸ் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மட்டும் நின்றால்? பத்தில் ஒரு பங்கு போதும். கிட்டத்தட்ட 95 கிராம்.

பெரிய பர்னர் முழுத் திறப்பில் மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸை விடும். பால் பொங்கி அணைந்த அடுப்பு ஒன்று கவனிப்பாரின்றி நாற்பது நிமிடம் கிடந்தால் அந்த அளவைத் தொட்டுவிடலாம். உண்மையில் கொஞ்சம் கேஸ் பர்னரிலேயே காற்றோடு கலக்கும், கொஞ்சம் கதவிடுக்கில் வெளியேறும். அதனால் இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் முழு அறையை மனதில் வைத்து ‘கொஞ்சம்தானே கசிந்தது’ என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இது காட்டுகிறது. அந்த ஓரடிக்குள்தான் ஃப்ரிட்ஜின் பின்புறம் கம்ப்ரசரும் அதை ஓட்டும் ரிலேவும் இருக்கின்றன. யாரும் எதையும் தொடாமலே அது தானாக ஓடத் தொடங்கும்போது ஒரு பொறி வரக்கூடும்.

இனி நம் சமையலறைகளைப் பாருங்கள். ஜன்னல் மேடைக்கு மேலே தொடங்குகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் பரணை ஒட்டி இருக்கிறது. புகையும் தாளிப்பு நெடியும் சூடாக மேலே எழுவதால் அவற்றுக்கு இது சரியான ஏற்பாடு. கசிந்த கேஸுக்கு உதவாது. மேடைக்குக் கீழே உள்ள மூன்றடிக்குக் கதவைத் தவிர வேறு திறப்பே இல்லாத வீடுகள்தான் அதிகம். சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்ட அறைக்குள் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கதவின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளைகள் இருந்தே ஆக வேண்டும். அடியில் இருப்பது கேஸ் வெளியேற, மேலே இருப்பது புதுக்காற்று உள்ளே வர. வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஒரு ஜாலி வைத்தால் முழு அறைக்கும் அதே வேலையைச் செய்யும். பால்கனியில் சிலிண்டரை வைப்பவர்களும் கைப்பிடிச் சுவர் அடிவரை அடைத்துக் கட்டப்பட்டிருக்கிறதா, தரைமட்டத்தில் திறப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்த சுவர் திறந்த வானத்துக்குக் கீழேயும் ஒரு தொட்டியாகிவிடும்.

கேஸ் நெடி வந்தபின் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைப் போடுவது பலருக்கும் கை பழகிய காரியம். அதைத் தவிர்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைப்பதே முறை.

கேஸ் டிடெக்டரை எங்கே மாட்டுவது என்பதும் இதே இயல்பிலிருந்து வருகிறது. எல்பிஜிக்கு அது தரையிலிருந்து அரையடி முதல் ஓரடி உயரத்தில், அடுப்பிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இன்னும் தாழ்த்தினால் தரை கழுவும் தண்ணீர் உள்ளே போகும். சிங்க்குக்கு அடியிலோ, கதவு திறந்தால் மறையும் மூலையிலோ, ஜாலிக்கு நேர் எதிரிலோ மாட்டினால் கேஸ் அதைத் தாமதமாகத்தான் எட்டும். சிலிண்டர் மேடைக்கு அடியில் கதவுக்குள் இருந்தால் அந்த அறைக்குள்ளும் ஒன்று தேவை. பொதுவாகப் பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேர்வதற்குள் கருவி அலறிவிட வேண்டும்.

குழாய் வழி இயற்கை எரிவாயு வந்த வீட்டில் இந்த மேல், கீழ்க் கணக்கு தலைகீழ். அது பெரும்பாலும் மீத்தேன். மூலக்கூறு எடை 16. காற்றைவிட இலேசு, நேராகக் கூரைக்குப் போகும். ஆகவே டிடெக்டர் கூரையிலிருந்து ஓரடிக்குள் இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறிய வீட்டில் பழைய கருவி தரையோடு கிடந்தால், தலைக்கு மேலே நிரம்பும் வாயுவை அது வெகுநேரம் கழித்தே உணரும்.

கருவியில் இருப்பது பெரும்பாலும் சூடேற்றப்பட்ட வெள்ளீய ஆக்சைடு. கேஸ் பட்டதும் அதன் மின்தடை மாறும். 1960களில் ஜப்பானில் நவோயோஷி தகுச்சி உருவாக்கிய முறை இது. சானிடைசர் ஆவியும் தாளிப்புப் புகையும்கூட அதை உசுப்பும் என்பதால், பொய் அலாரத்துக்குச் சலித்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுவோர் உண்டு. அதைவிடக் கொஞ்சம் தள்ளி மாட்டிப் பார்ப்பது நல்லது. சென்சருக்கு ஆயுள் ஐந்து ஆண்டு அளவில்தான். பல மாடல்களில் டெஸ்ட் பட்டன் ஒலிப்பானையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கும். சென்சர் இன்னும் கேஸை உணர்கிறதா என்று சொல்லாது. பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்ற வேண்டும்.