ஒரு குழி, இரண்டு சுவர்

பிரஷை அழுத்தித் தேய்த்துப் பழகியவர்களுக்கு வயது ஏற ஏற ஈறோரத்தில் ஒரு பள்ளம் விழும். நகம் வைத்தால் இடறும். பானைத் தண்ணீர் பட்டால்கூடச் சுரீரென்று கூசும். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு நாள் காகிதத்தில் எதையோ மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஏழு மாதத்துக்கு முன் அவருடைய முன்கடைவாய்ப் பல்லில் மாணவர் ஒருவர் வைத்த காம்போசிட் அடைப்பு அதில் இருந்தது. சாப்பிடும்போது முழுசாகக் கழன்று வந்துவிட்டதாம்.

பல்லை உலர்த்தி லென்ஸ் வழியாகப் பார்த்தேன். பள்ளத்தின் மேல் ஓரத்தில் அடைப்பின் சிறு துணுக்குகள் பல்லைவிட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே ஈறுப் பக்கம் துடைத்த தரைபோல இருந்தது. மேல் ஓரம் எனாமல், கீழ்ப் பக்கம் டென்டின். ஒரே கை, ஒரே அமிலம், ஒரே பசை. ஒரு சுவரில் பிடித்தது, இன்னொன்றில் பிடிக்கவில்லை. பிசகு எங்கே நடந்தது என்பதை அந்தப் பல்லே காட்டிவிட்டது.

எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். கிட்டத்தட்டக் கல். அதன்மேல் 35 முதல் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை வைத்தால், வழவழப்பான பரப்பு கொத்திய அம்மிபோலச் சொரசொரப்பாகும். கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளுக்குள் பிசின் இறங்கி, ஒளியில் இறுகி, வேர்போலப் பிடித்துக்கொள்ளும். 1955-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் இருந்த மைக்கேல் பூனோகோர் இதைத்தான் காட்டினார். வண்ணப் பூச்சு உரியாமல் நிற்க உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவும் தொழிற்சாலை வழக்கமே அவருக்கு வழிகாட்டியது. அவர் பயன்படுத்திய அமிலம் 85 சதவீதம். செறிவு குறைந்ததே தவிர, எனாமலைப் பொறுத்தவரை அடிப்படை இன்றுவரை மாறவில்லை. அமிலத்தைக் கழுவி நன்றாக உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துத் தெரியும். அந்த வெண்மை வந்தால் எட்ச்சிங் சரி.

டென்டின் வேறு. அதில் தாது ஏறத்தாழ 70 சதவீதந்தான். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளும் தண்ணீரும். பல்கூழிலிருந்து புறப்படும் நுண்குழாய்கள் அதை ஊடுருவி வருகின்றன. அவற்றுக்குள் திரவம் இருப்பதால் உயிருள்ள டென்டினை முழுக்க உலர வைக்க முடியாது. பர் வைத்துச் செதுக்கினால் அரைபட்ட தூள் ஒரு மெல்லிய படலமாகக் குழாய்களின் வாயை அடைக்கும். இதை ஸ்மியர் லேயர் என்கிறோம். அமிலம் இந்தப் படலத்தைக் கரைத்து, அடியில் சில மைக்ரான் ஆழத்துக்குத் தாதுவையும் கரைத்துவிடும். மிஞ்சுவது தாது போன கொலாஜன் வலை. இழைகளுக்கு நடுவே தாது இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது. வலை விரிந்து நிற்பது அந்தத் தண்ணீரின் தயவில்தான்.

ஆற்றில் முங்கும்போது கூந்தல் தண்ணீருக்குள் இழை இழையாக விரிந்து மிதக்கும். தலையைத் தூக்கியதும் ஒட்டித் திரியாகிவிடும். எட்ச்சிங் முடிந்த டென்டின்மேல் காற்று ஊதினால் கொலாஜனுக்கும் இதேதான். வலை படுத்துவிடும், இடைவெளிகள் மூடிக்கொள்ளும், பிசின் நுழைய வழியிருக்காது. மேலாகப் படிந்து இறுகும். அடியில் பிசின் எட்டாத கொலாஜன் வெறுமனே கிடக்கும்.

மாணவரை அழைத்து அன்று செய்ததைக் கேட்டேன். பதினைந்து விநாடி ஜெல், நன்றாகக் கழுவல், பிறகு எனாமல் வெளுக்கும்வரை காற்று. பாடத்தில் படித்ததைத்தான் செய்திருந்தார். எனாமலுக்கு அவர் பார்த்த அடையாளம் சரி; அதே காற்று இரண்டு விரல்கடைகூட விலகாமல் இருந்த டென்டினைக் கெடுத்தது. அடைப்பு வைத்த முதல் சில வாரங்கள் கூச்சம் இருந்ததாக நோயாளி சொன்னதும் இதோடு பொருந்துகிறது. சரியாக மூடாத குழாய்களில் திரவம் அசைந்தால் பல் கூசும்.

பிரைமர் எதற்கு என்பது இங்கேதான் புரியும். பிசின் தண்ணீரை வெறுப்பது, டென்டின் தண்ணீரில் நனைந்திருப்பது. இரண்டையும் இணங்க வைக்க ஹெமா போன்ற இருபக்கமும் சாயும் மூலக்கூறுகள் அசிட்டோன், எத்தனால் அல்லது தண்ணீரில் கரைந்து வருகின்றன. கரைப்பான் வலைக்குள் போய்த் தண்ணீரை வெளியேற்றும். அந்த இடத்தைப் பிசின் பிடிக்கும். 1982-இல் ஜப்பானின் நாகபயாஷி, பிசினும் கொலாஜனும் பின்னிய இந்தப் படலத்தை ஹைப்ரிட் லேயர் என்று அடையாளம் காட்டினார். டென்டினில் பிடிமானம் என்பது இந்தச் சில மைக்ரான்தான்.

தலைமுறை எண்களைப் பார்த்து மாணவர்கள் மிரள்கிறார்கள். அமிலம், பிரைமர், பசை என்று மூன்றும் தனித்தனியாக வந்தால் நான்காம் தலைமுறை. பிரைமரையும் பசையையும் ஒரே பாட்டிலில் சேர்த்தது ஐந்தாம் தலைமுறை. ஆறும் ஏழும் கழுவும் அமிலத்தையே விட்டுவிட்டன. பிரைமரே அமிலத்தன்மை கொண்டது, கரைத்துக்கொண்டே உள்ளே நுழையும். கழுவுவதில்லை என்பதால் உலர்த்தும் தொல்லையும் குறைவு. ஆனால் இவற்றில் மென்மையானவை எனாமலை ஆழமாகக் கொத்துவதில்லை. பர் படாத எனாமலில் பிடி இன்னும் தளரும். ஏழாம் தலைமுறையின் ஒற்றைப் பாட்டில் பசை தண்ணீரை ஈர்ப்பது, இறுகிய பிறகும் நீரைக் கசியவிடும். எண் கூடினால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம். நீண்ட கால ஆய்வுகளில் மூன்று படிப் பழைய முறையும், இரண்டு படி மென் செல்ஃப் எட்ச் முறையும்தான் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன.

அந்தப் பல்லைத் திரும்ப அடைத்தோம். ஈறோரக் கசிவு உள்ளே வராமல் நூல் வைத்தோம். பல வருடம் தேய்ந்த டென்டின் கண்ணாடிபோல் இறுகியிருந்ததால் உருண்டை பரால் லேசாகச் சுரண்டினோம். ஜெல்லை முதலில் எனாமல் ஓரத்தில் பதினைந்து விநாடி, பிறகு டென்டின்மேலும் பரப்பி இன்னொரு பதினைந்து விநாடி வைத்தோம். எனாமலுக்கு முப்பது, டென்டினுக்குப் பதினைந்து. நன்றாகக் கழுவிய பின் காற்றைத் தொடவில்லை. ஈரப் பஞ்சைப் பிழிந்து ஒற்றி எடுத்தோம். தேங்கிய நீர் இல்லாமல் பரப்பு மெல்ல மினுங்க வேண்டும். குளமாக நின்றால் அதுவும் கெடுதல், பிசின் நீர்த்துப்போகும். பிரைமரை இருபது விநாடி தேய்த்து, கரைப்பான் ஆவியாகும்வரை மெல்லிய காற்று கொடுத்தோம். நீர்மம் அலையாடுவது நின்றால் கரைப்பான் போய்விட்டது என்று பொருள். அதன்பின் பசை, ஒளி, காம்போசிட்.

தப்பித் தவறி டென்டினை உலர்த்திவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. நனைத்துப் பிழிந்த பஞ்சால் மறுபடி ஈரமாக்கினால் வலை பெருமளவு எழுந்துவிடும். அசிட்டோன் கரைப்பானுள்ள பசைக்கு இந்த ஈரம் கட்டாயம். தண்ணீர் கலந்த பிரைமரோ படுத்த வலையைத் தானே ஓரளவு தூக்கும். ஆகவே மாணவ நண்பர்களே, பாட்டிலின் தலைமுறையைக் கேட்பதற்கு முன் அதில் என்ன கரைப்பான் என்று கூட வரும் தாளைப் பிரித்துப் படியுங்கள். அசிட்டோன் என்றால் சொட்டு விட்டதும் மூடியை மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் நாற்காலியில் நோயாளி உட்காரும் முன்பே அது காற்றோடு போய்விடும்.