பொங்கலுக்கு வாழையிலை: ஸ்கார்பரோக் கடை அறிவிப்பில் இருக்க வேண்டியவை

மார்கழி பிறந்ததும் டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் உள்ள தமிழ்க் கடைகளில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டுவிடும். ‘பொங்கலுக்குப் புதிய வாழையிலை, மரக்கறி, கரும்பு. முற்பதிவு செய்யுங்கள்.’ பலர் இதைப் படித்ததும் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆனால் இந்த ஒற்றை வரி போதாது. எந்த இலை, எத்தனை, எப்போது கையில் கிடைக்கும் என்ற மூன்றும் அதில் இல்லை.

முதலில் ‘புதிய’ என்ற சொல். கடையின் உறைபெட்டியில் வருடம் முழுவதும் வாழையிலை உண்டு. கப்பலில் உறைந்த நிலையில் வந்து சேரும் அந்த இலை கொழுக்கட்டை அவிக்கவும் மீனைப் பொதிந்து சுடவும் நல்லதுதான். ஆனால் உறையும்போது இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி அதன் திசுவைக் கிழித்துவிடுவதால், இளகியதும் இலை துவண்டு கறுக்கும். சோறு போட்டுச் சாப்பிட அது உதவாது. பந்தி இலை விமானத்தில்தான் வர வேண்டும். அதனால் ‘உறைந்தது அல்ல’ என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ‘ஒரு கட்டு’ என்று எழுதும் கடைகளை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். ஒரு முழு இலையில் நுனி ஒன்றுதான் கிடைக்கும், மிச்சமெல்லாம் ஏடு. படையலுக்கும் பெரியவர்களுக்கும் நுனி இலை கேட்கும் வீடுகள் அதிகம் என்பதால் நுனிக்கு விலையும் கூடும், தட்டுப்பாடும் வரும். பன்னிரண்டு பேர் சாப்பிடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். படையலுக்கு ஒன்று, நான்கு பெரியவர்களுக்கு நான்கு என நுனி இலை ஐந்து. மற்ற எட்டுப் பேருக்கு ஏடு எட்டு, கிழிந்தால் மாற்றிப் போட இரண்டு, ஆகப் பத்து. ‘நுனி 5, ஏடு 10’ என்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரருக்கும் சந்தேகம் இருக்காது.

நல்ல அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, 2025ஆம் ஆண்டின் நாட்களை வைத்து ஒரு மாதிரி தருகிறேன். அந்த வருடம் தைப்பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது.

‘தைப்பொங்கல் ஜனவரி 14, செவ்வாய். விமானத்தில் வரும் புதிய வாழையிலை, உறைந்தது அல்ல. முற்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். நுனி இலை, ஏடு தனித்தனியாக, எண்ணிக்கைக் கணக்கில். முற்பதிவு ஜனவரி 8, புதன் இரவு 8 மணி வரை. கரும்பு, சேனை, ராசவள்ளி, பூசணி, வாழைக்காய் ஆகியவற்றை 11, சனி முதல் எடுத்துச் செல்லலாம். இலை, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து ஆகியவற்றை 13, திங்கள் மாலை 3 முதல் 9 மணிக்குள் எடுக்கவும். விமானம் பிந்தினால் குறுஞ்செய்தி அனுப்புவோம். இலை வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்.’

புதன்கிழமையோடு முற்பதிவை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எத்தனை இலை வேண்டும் என்று ஏற்றுமதி செய்பவருக்குச் சொன்ன பிறகுதான் அங்கே இலை வெட்டி, துடைத்து, பெட்டியில் அடுக்குவார்கள். கணக்கு பிந்தினால் பெட்டி அடுத்த விமானத்துக்குத் தள்ளிப்போகும், பொங்கலும் முடிந்துவிடும். இரண்டு நாட்களில் எடுக்கச் சொல்வதும் இதே போலத்தான். கிழங்கும் பூசணியும் சனிக்கிழமை வாங்கி வைத்தாலும் கெடாது. மஞ்சள் கொத்து அப்படியல்ல. மண்ணோடு கனடாவுக்குள் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் வேரைக் கழுவி அனுப்புகிறார்கள். அதனால் கொத்து சீக்கிரம் வாடும். கரும்பு வாங்குவோர் முழுக் கழியா பாதியா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழுக் கழி காருக்குள் அடங்காது.

முன்பணம் கேட்கும் கடையைக் குறை சொல்லாதீர்கள். எடுக்க ஆள் வராத இலை மறுநாள் குப்பைக்குத்தான் போகும். அதே நேரம், இலை வராவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி இல்லாத அறிவிப்பை நான் ஏற்கமாட்டேன்.

இனி, இலையை வாங்கியவர் செய்ய வேண்டியது. ஜனவரியில் ஸ்கார்பரோவின் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் இறங்கும். வாழை வெப்பநாட்டுச் செடி. காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டு இன்னும் இரண்டு கடைக்குப் போய்வந்தால், அத்தனை செலவழித்து விமானத்தில் வந்த இலையும் உறைந்த இலையாகிவிடும். காரை முதலில் சூடாக்குங்கள். இலையைச் செய்தித்தாளில் சுற்றி, பைக்குள் வைத்து, ஆட்கள் இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள். அன்றைய கடைசி வேலையாக இலையை எடுப்பது நல்லது. கடையிலேயே கட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் இலைகளைப் பாருங்கள்: கண்ணாடிபோல் நீர் ஊறிய கரும்பச்சைத் திட்டுகள் இருந்தால் அது வழியில் குளிர் பட்ட இலை, மறுநாள் காலைக்குள் கறுத்துவிடும். அங்கேயே மாற்றிக் கேளுங்கள். ஓரம் மட்டும் பழுப்பாக இருந்தால் கவலை வேண்டாம், வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.